கொழும்பில் சரிந்த ரூபாய், சென்னைக் கணக்கில் எங்கே போனது?

2022 மார்ச் 7 அன்று இலங்கை மத்திய வங்கி, டாலருக்கு 200 ரூபாய் என்ற அளவில் மாதக்கணக்காக இழுத்துப் பிடித்து வைத்திருந்த நாணய மதிப்பைத் தளர்த்தியது. 230-ஐத் தாண்டாது என்றுதான் முதலில் எதிர்பார்த்தார்கள். மார்ச் முடிவதற்குள் அது 300-ஐ நெருங்கிவிட்டது. நம் பணத்தில் பார்த்தால், அந்த நிதியாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 37 பைசாவாக இருந்த ஓர் இலங்கை ரூபாய், மார்ச் 31-ல் 26 பைசாவுக்கு வந்து நின்றது.

இந்தியாவில் மார்ச் 31 என்பது கணக்கு முடிக்கும் நாள். இலங்கையில் துணை நிறுவனம் வைத்திருந்த இந்திய நிறுவனங்களுக்கு இதைவிட மோசமான நேரத்தில் அந்தச் சரிவு வந்திருக்க முடியாது. கொழும்பில் ஆலை ஓடியது, சரக்கு விற்றது, லாபமும் வந்தது. ஆனால் அந்தக் கணக்கை இந்திய ரூபாய்க்கு மாற்றியபோது சொத்து மதிப்பில் பெரிய பள்ளம் விழுந்திருந்தது. அதே ஆண்டறிக்கையில் நிகர லாபத்தைப் பார்த்தால் பள்ளத்தின் சுவடே தெரியாது. பள்ளம் எங்கே போனது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். விகிதங்கள் மட்டும் அந்த ஆண்டின் நிஜ விகிதங்களை ஒட்டியவை. சென்னையில் ஒரு தாய் நிறுவனம், 2021 ஏப்ரல் 1-ல் கொழும்பில் ஒரு நிறுவனத்தை முழுமையாக வாங்குகிறது. கடன்களைக் கழித்தபின் அதன் நிகரச் சொத்து 100 கோடி இலங்கை ரூபாய். அன்றைய 37 பைசா கணக்கில், சரியாக 37 கோடி இந்திய ரூபாய் கொடுத்து வாங்கினார்கள். அந்த ஆண்டில் கொழும்பு நிறுவனம் 20 கோடி இலங்கை ரூபாய் லாபம் பார்த்தது. டிவிடெண்ட் எதுவும் அனுப்பவில்லை. ஆண்டு முடிவில் அதன் நிகரச் சொத்து 120 கோடி. கொழும்பில் உட்கார்ந்து பார்த்தால் நல்ல ஆண்டு.

சென்னைக்கு வருவோம். கணக்காளர் செய்யவேண்டிய முதல் வேலை விகிதத்தைத் தேடுவது அல்ல. அந்தத் துணை நிறுவனம் எந்த நாணயத்தில் வாழ்கிறது என்று முடிவுசெய்வதுதான் முதல் வேலை. நம் நாட்டில் இதற்கான விதி இண்ட் ஏஎஸ் 21. விலையை எந்த நாணயத்தில் வைக்கிறார்கள், சம்பளமும் மூலப்பொருளும் எந்த நாணயத்தில் போகின்றன என்று அது கேட்கச் சொல்கிறது. இலங்கையில் வாங்கி, அங்கேயே ஆள் வைத்துத் தயாரித்து, அங்கேயே விற்கும் நிறுவனத்துக்கு விடை இலங்கை ரூபாய்தான். அப்படியில்லாமல், சென்னையிலிருந்து வரும் சரக்கை அப்படியே விற்றுப் பணத்தைத் திருப்பி அனுப்பும் வெறும் விற்பனைக் கிளையாக இருந்தால், அது வாழும் நாணயம் இந்திய ரூபாய் என்று முடிவாகலாம். அப்போது கணக்கு முறையே வேறு. வித்தியாசம் நேராக லாப நஷ்டத்துக்குப் போய்விடும். நம் கொழும்பு நிறுவனம் முதல் வகை.

இனி மாற்றம். இங்கே ஒரே விகிதத்தால் வேலை முடியாது. இருப்புநிலைக் குறிப்பில் உள்ள சொத்து, கடன் எல்லாம் ஆண்டின் கடைசி நாள் விகிதத்தில் மாறும். கட்டடமானாலும் கடனாளி பாக்கியானாலும் வங்கிக் கடனானாலும் 26 பைசாதான். வருமானமும் செலவும் அவை நடந்த நாளின் விகிதத்தில் மாறவேண்டும். ஆயிரக்கணக்கான பில்களுக்கு நாள்வாரியாகப் பார்ப்பது நடக்காத காரியம் என்பதால் சராசரி விகிதத்தை அனுமதிக்கிறார்கள். பதினோரு மாதம் 37-ஐ ஒட்டி நின்று கடைசி மாதத்தில் விழுந்ததால், அந்த ஆண்டின் சராசரி 36 பைசா என்று வைத்துக்கொள்ளலாம். வாங்கிய நாளில் இருந்த மூலதனம் அந்த நாளின் 37 பைசாவிலேயே உறைந்து நிற்கும். அதை ஆண்டுதோறும் தொடமாட்டார்கள்.

இப்போது கூட்டிப் பார்ப்போம். ஆண்டு தொடக்கத்தில் 37 கோடி. லாபம் 20 கோடியை 36 பைசாவில் மாற்றினால் 7.2 கோடி. இரண்டும் சேர்ந்து 44.2 கோடி இருக்கவேண்டும். ஆனால் கடைசி நாள் நிகரச் சொத்தான 120 கோடியை 26 பைசாவில் மாற்றினால் 31.2 கோடிதான் வருகிறது. 13 கோடி உதைக்கிறது.

இந்த 13 கோடியைத்தான் நாணய மாற்று வித்தியாசம் என்கிறோம். பல அலுவலகங்களில் இது ஒரு சமன்செய்யும் எண்ணாகவே பிறக்கிறது. எக்செல் தாளில் இரு பக்கமும் ஒத்துவராதபோது, வராத தொகையை அந்தத் தலைப்பில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஆபத்தான பழக்கம் இது. துணை நிறுவனத்தின் கையிருப்பில் ஒரு பிழை இருந்தால்கூட அது இந்தத் தலைப்புக்குள் புகுந்து ஒளிந்துகொள்ளும். வித்தியாசத்தைத் தனியாகக் கணக்கிட்டு நிரூபிக்க முடியும், நிரூபிக்கவும் வேண்டும். தொடக்கத்தில் இருந்த 100 கோடி, ஆண்டு முழுக்க நம் கையில் இருந்து 37-லிருந்து 26-க்கு விழுந்தது. ரூபாய்க்கு 11 பைசா வீதம் 11 கோடி. லாபமாக வந்த 20 கோடி, கணக்கில் 36-ல் ஏறி, முடிவில் 26-ல் நிற்கிறது. 10 பைசா வீதம் 2 கோடி. மொத்தம் 13 கோடி. சமன்செய்யும் எண்ணும் இந்த எண்ணும் ஒத்துப்போனால் கணக்கு சரி. ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ வேறு தவறு இருக்கிறது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. மூலதனம், லாபம், சொத்து, கடன் எல்லாவற்றையும் கடைசி நாள் விகிதத்திலேயே மாற்றிவிடுவது. 100 கோடி 26 கோடியாகும், லாபம் 5.2 கோடியாகும், இரண்டும் சேர்ந்து 31.2 கோடி, சொத்தும் 31.2 கோடி. ஒரு பைசா பிசகாமல் ஒத்துப்போகும். அந்த அழகே சந்தேகத்துக்குரியது. கணக்கில் 37 கோடியாக ஏறிய தொடக்க நிகரச் சொத்து, ஆண்டுக் கடைசியில் சத்தமில்லாமல் 26 கோடியாகியிருக்கும். வெளிநாட்டுத் துணை நிறுவனம் இருந்து, விகிதமும் மாறியிருந்து, வித்தியாசம் பூஜ்யம் என்று ஒரு கணக்கு சொன்னால் அதை நம்பவேண்டாம்.

சரி, 13 கோடியை எங்கே காட்டுவது? லாப நஷ்டக் கணக்கில் போட்டால் 7.2 கோடி லாபம், 5.8 கோடி நஷ்டமாக மாறும். விதி அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நிகர லாபத்தின் வரி முடிந்தபின், அதற்குக் கீழே ‘பிற விரிவான வருமானம்’ என்று ஒரு பகுதி வரும். கணக்குத் துறையில் ஓசிஐ என்பார்கள். 13 கோடி அங்கேதான் தோன்றும். அங்கிருந்து இருப்புநிலைக் குறிப்பில் பங்குதாரர் மூலதனத்தின் ஒரு பகுதியாக, நாணய மாற்றுக் காப்பு நிதி என்ற பெயரில் ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்துகொண்டே போகும். நிதி என்றதும் எங்கோ பணம் ஒதுக்கி வைத்திருப்பதாக எண்ணவேண்டாம். அது வெறும் கணக்குத் தலைப்பு. நம் உதாரணத்தில் அதில் இருப்பது கழித்தல் 13 கோடி. ஒரு பங்குக்கான லாபத்தைக் கணக்கிடும்போது இந்த எண் வரவே வராது.

நஷ்டத்தை ஒளித்துவைக்க இப்படி ஒரு மூலையா என்று கேட்கத் தோன்றும். நேராக லாப நஷ்டத்தில் போடும் முறையை அமெரிக்கா ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறது. அங்கே கணக்கு விதிகளை வகுக்கும் எஃப்ஏஎஸ்பி, 1975-ல் எட்டாம் எண் விதியை வெளியிட்டது. நாணய மாற்று வித்தியாசம் எதுவானாலும் அந்தந்தக் காலாண்டின் லாப நஷ்டத்தில் காட்டியே ஆகவேண்டும் என்றது அது. கட்டடமும் கையிருப்புச் சரக்கும் பழைய விகிதத்திலேயே நிற்க, அவற்றை வாங்கப் பட்ட கடன் மட்டும் புதிய விகிதத்துக்கு மாறியதால் எண்கள் இன்னும் கோணலாயின. வியாபாரம் ஒரே சீராக இருக்க, லாபம் மட்டும் காலாண்டுக்குக் காலாண்டு எகிறியும் சரிந்தும் ஆடியது. இந்தக் காகித நஷ்டத்தைத் தவிர்ப்பதற்காக நிஜப் பணத்தைச் செலவழித்து நாணயப் பாதுகாப்பு ஒப்பந்தங்கள் போட்ட நிறுவனங்கள் உண்டு. எதிர்ப்பு வலுத்து, 1981 டிசம்பரில் 52-ஆம் எண் விதி வந்தது. வித்தியாசம் லாபத்தை விட்டு விலகி மூலதனப் பகுதிக்குப் போனது. அந்த முடிவும் நான்குக்கு மூன்று என்ற வாக்கில்தான் தப்பிப் பிழைத்தது. உலக விதியும், அதை ஒட்டிய நம் விதியும் இன்று அந்தத் திசையில்தான் நிற்கின்றன.

என் கணிப்பில் அது சரியான முடிவு. கொழும்பு ஆலையை விற்கும் எண்ணமே இல்லாத நிறுவனத்துக்கு மார்ச் 31-ன் விகிதம் ஒரு புகைப்படம்போலத்தான். 2024 மார்ச் முடிவில் அதே இலங்கை ரூபாய் ஏறத்தாழ 28 பைசாவுக்குத் திரும்ப ஏறியிருந்தது. 120 கோடி அப்படியே இருந்திருந்தால், 26-லிருந்து 28-க்கு ஏறியதில் 2.4 கோடி அந்தக் காப்பு நிதிக்கே திரும்பி வந்திருக்கும். ஆனால் ‘இது வெறும் கணக்கு மாற்றம்தான், கவலை வேண்டாம்’ என்று நிர்வாகங்கள் சொல்வதை முழுதாக ஏற்க மாட்டேன். கொழும்பிலிருந்து டிவிடெண்ட் கொண்டுவர நினைப்பவருக்கு, முன்பு 37 பைசாவாக வந்த ஒவ்வொரு ரூபாயும் இனி 26 பைசாவாகத்தான் வரும். அதில் காகிதம் எதுவும் இல்லை.

சராசரி விகிதத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சோம்பலாலோ வேறு காரணத்தாலோ ஒருவர், தொடக்கத்தின் 37-ஐயும் முடிவின் 26-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்து 31.5 பைசா என்று எடுத்துக்கொண்டால்? லாபம் 7.2 கோடிக்குப் பதிலாக 6.3 கோடியாகும். காப்பு நிதிக்குப் போகும் வித்தியாசம் 13-லிருந்து 12.1 கோடியாகக் குறையும். இரண்டையும் சேர்த்தால் எப்படிப் பார்த்தாலும் கழித்தல் 5.8 கோடிதான். மொத்தம் மாறாது, அதில் எவ்வளவு லாபம் என்ற பெயரில் போகிறது, எவ்வளவு ஓசிஐ என்ற பெயரில் போகிறது என்பதுதான் மாறும். மாதவாரியான சராசரியை எடுத்து, ஒவ்வொரு மாத லாபத்தையும் அந்தந்த மாத விகிதத்தில் மாற்றுவதே இப்படிப்பட்ட ஆண்டில் நேர்மையான வழி. விகிதம் பெரிதாக ஆடிய காலத்தில் முழு ஆண்டுச் சராசரி பொருந்தாது என்று விதியே சொல்கிறது. பண்டிகைக்கால விற்பனை ஏப்ரலில் குவியும் வியாபாரத்துக்கும், மார்ச்சில் குவியும் வியாபாரத்துக்கும் அந்த ஆண்டில் ஒரே சராசரி எப்படிப் பொருந்தும்?

ஓசிஐ-யில் போன பணம் என்றென்றும் அங்கேயே கிடக்காது. இந்த விஷயத்திலேயே ருசியான பகுதி இதுதான். தாய் நிறுவனம் அடுத்த நாளே, 2022 ஏப்ரல் 1-ல், கொழும்பு நிறுவனத்தை 35 கோடி இந்திய ரூபாய்க்கு விற்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் கணக்கு மதிப்பு 31.2 கோடி. மேலோட்டமாகப் பார்த்தால் 3.8 கோடி லாபம். ஆனால் விற்கும்போது, காப்பு நிதியில் சேர்ந்து கிடந்த கழித்தல் 13 கோடியை எடுத்து லாப நஷ்டக் கணக்கில் கொட்டவேண்டும். 3.8-லிருந்து 13-ஐக் கழித்தால் விற்பனையில் 9.2 கோடி நஷ்டம்.

இது அநியாயமா என்று சரிபார்க்க எளிய வழி உண்டு. கையிலிருந்து போனது 37 கோடி, வந்தது 35 கோடி. ஆக நிஜத்தில் 2 கோடி நஷ்டம். கணக்கில் முதல் ஆண்டு லாபம் 7.2, இரண்டாம் ஆண்டு நஷ்டம் 9.2, சேர்த்தால் அதே 2 கோடி நஷ்டம். திரும்பக் கொட்டும் விதி இல்லாவிட்டால், 37 கொடுத்து 35 வாங்கிய நிறுவனம் மொத்தம் 11 கோடி லாபம் பார்த்ததாகக் கணக்கு பேசும். காப்பு நிதி என்பது, விற்கும் நாள்வரை தள்ளிவைக்கப்பட்ட தீர்ப்பு.

இங்கே மூன்று நுணுக்கங்கள். துணை நிறுவனத்தின் மதிப்பு குறைந்துவிட்டது என்று எழுதித் தள்ளுவது விற்பனை ஆகாது. அதற்காகக் காப்பு நிதியைக் கலைக்க முடியாது. கட்டுப்பாட்டைக் கைவிடாமல் கொஞ்சம் பங்கை மட்டும் விற்றால், அதற்குரிய பகுதி புதிய சிறுபான்மைப் பங்குதாரரின் கணக்குக்கு மாறுமே தவிர, லாப நஷ்டத்துக்கு வராது. இன்னொன்று பழைய கதை. இண்ட் ஏஎஸ் முறைக்கு மாறிய நாளில், அதுவரை சேர்ந்திருந்த வித்தியாசத்தைப் பூஜ்யமாக்கிக்கொள்ள நிறுவனங்களுக்கு ஒருமுறை சலுகை தரப்பட்டது. அதைப் பயன்படுத்தியவர்களின் பழைய வித்தியாசம், விற்றாலும் திரும்பி வராது.

இன்னொரு முடிச்சு, தாய் தன் பிள்ளைக்குக் கொடுத்த கடன். சென்னை நிறுவனம் கொழும்புக்கு 10 கோடி இந்திய ரூபாய் கடன் தந்திருந்தால், அதைத் திருப்பித்தர ஆண்டுத் தொடக்கத்தில் 27 கோடி இலங்கை ரூபாய் போதும். ஆண்டு முடிவில் சுமார் 38.5 கோடி வேண்டும். கொழும்பின் தனிக் கணக்கில் 11 கோடிக்கு மேல் நஷ்டம். இரண்டு கணக்கையும் ஒன்றாகச் சேர்க்கும்போது கொடுத்த கடனும் வாங்கிய கடனும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறையும், நஷ்டம் மறையாது. சாதாரணமாக அது குழுமத்தின் லாப நஷ்டத்திலேயே நிற்கும். ஆனால் அந்தக் கடனைத் திருப்பி வாங்கும் திட்டமும் இல்லை, வாய்ப்பும் இல்லை என்றால், அது முதலீட்டின் ஒரு பகுதியாகக் கருதப்பட்டு, ஒருங்கிணைந்த கணக்கில் ஓசிஐ-க்குப் போகும்.

மனித இயல்பு இங்கேதான் விளையாடும். போன ஆண்டுவரை தவணை அட்டவணையோடு இருந்த கடன், நாணயம் சரிந்த ஆண்டின் மார்ச் மாதத்தில் திடீரென்று ‘திரும்ப வாங்கும் எண்ணமே இல்லாத’ கடனாக மாறும். ஆடிட்டர் பார்க்கவேண்டியது நிர்வாகத்தின் கடிதத்தை அல்ல. முன்பு தவணை வந்திருக்கிறதா, இயக்குநர் குழுக் கூட்டக் குறிப்பில் எப்போது இந்த முடிவு எழுதப்பட்டது என்பதை. சரிவுக்கு முன் எழுதியிருந்தால் ஒரு நியாயம். பின் எழுதியிருந்தால், அதுவரையான நஷ்டம் லாப நஷ்டத்தில்தான் இருக்கவேண்டும்.

பங்கு வைத்திருக்கும் வாசகர் இதையெல்லாம் ஆண்டறிக்கையில் எங்கே பார்ப்பது? முதலில், தனிக் கணக்கைப் புரட்டவேண்டாம். அதில் துணை நிறுவனம் பெரும்பாலும் வாங்கிய விலையிலேயே நிற்கும், வித்தியாசம் தெரியாது. ஒருங்கிணைந்த லாப நஷ்டக் கணக்குக்குப் போங்கள். வரிக்குப் பிந்தைய லாபத்துக்குக் கீழே, ‘பின்னர் லாப நஷ்டத்துக்கு மாற்றப்படக்கூடியவை’ என்ற தலைப்பில் வெளிநாட்டு இயக்கங்களின் நாணய மாற்று வித்தியாசம் என்று ஒரு வரி இருக்கும். அது அந்த ஆண்டுக்கான எண். இதுவரை சேர்ந்த மொத்தத்தைப் பங்குதாரர் மூலதன மாற்றங்களைக் காட்டும் அட்டவணையில் தனி நெடுவரிசையாகப் பார்க்கலாம்.

அதோடு ஏஓசி-1 என்ற படிவத்தையும் பாருங்கள். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின்படி, ஒவ்வொரு துணை நிறுவனத்தின் மூலதனம், காப்பு நிதி, விற்றுமுதல், லாபம் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். வெளிநாட்டு நிறுவனமென்றால் எந்த நாணயம், கடைசி நாள் விகிதம் என்ன என்பதும் இருக்கும். போன ஆண்டுப் படிவத்தின் மூலதனத்தையும் காப்பு நிதியையும் கூட்டி, போன ஆண்டு விகிதத்தால் வகுத்து, இந்த ஆண்டு விகிதத்தால் பெருக்குங்கள். நம் உதாரணத்தில் 37 கோடி 26 கோடியாகும். 11 கோடி வித்தியாசம் கையில் வந்துவிடும். எல்லாத் துணை நிறுவனங்களுக்கும் இப்படிப் போட்டுக் கூட்டினால், ஓசிஐ-யில் காட்டிய எண்ணுக்கு ஓரளவு பக்கத்தில் வரவேண்டும். தூரத்தில் நின்றால் அதற்கு நற்பெயர் மதிப்பு, நாணயப் பாதுகாப்பு ஒப்பந்தம், மேலே சொன்ன கடன் என்று காரணங்கள் இருக்கக்கூடும். அவை நிதிநிலைக் குறிப்புகளில் சொல்லப்பட்டிருக்கவேண்டும். சொல்லப்படவில்லை என்றால் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நிதி அதிகாரி பதில் சொல்லியாகவேண்டும்.